அப்பத்தாவின் முதல் ஆர்டர்: 529 ரூபாய் பொருளுக்கு 536 ஏன்?

கதிர்_புதுகை | ஞாயிறு, மாலை 6:10

வணக்கம். என் அப்பத்தாவுக்கு 71 வயது. தமிழ் சரளமாக வாசிப்பார், மனக்கணக்கில் என்னைவிட வேகம், இங்கிலீஷ் எழுத்து மட்டும் தெரியாது. இன்று மதியம் அவருடைய போனிலேயே அவரே பார்த்துத் தேர்ந்தெடுத்த முறுக்குக் குழல் ஒன்றும், 5 லிட்டர் குக்கருக்கு ஒரு கேஸ்கட்டும் ஆர்டர் போட்டோம். குழல் 349, கேஸ்கட் 180. பொருள் வந்ததும் பணம் கொடுப்பதாகப் போட்டிருக்கிறோம். உறுதி செய்து வந்த திரை இதுதான்:

```
Order placed. Arriving by Thu
MRP (2 items)    ₹849
Discount        -₹320
Coupon           -₹50
Delivery          ₹40
Platform fee       ₹7
COD fee           ₹10
Total            ₹536
You saved ₹370
```

நான் வரிவரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கேட்ட கேள்விகள் மூன்று.

ஒன்று: "349-உம் 180-உம் 529. 499-க்கு மேல வாங்குனா வண்டிக் கூலி கிடையாதுன்னு போட்டிருந்துச்சே, பெறகு இந்த 40 எதுக்கு?"

இரண்டு: "நாம 529-க்குத்தானே வாங்குனோம், மேல 849-ன்னு யாரு கணக்கு?"

மூன்று: "370 மிச்சம்னு போட்டிருக்கே, அது எப்பக் கைக்கு வரும்?"

மூன்றாவதுக்குச் சிரித்துவிட்டேன், திட்டு வாங்கினேன். முதல் கேள்விக்கு எனக்கே விடை தெரியவில்லை. நாளை இரவு பஸ்ஸில் பெங்களூரு கிளம்புகிறேன், பொருள் வியாழக்கிழமை வரும். அப்போது அவர் தனியாகத்தான் இருப்பார், அதனால் அவரே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கே தொடங்குவது?

---

கணக்கு_சேகர் | ஞாயிறு, மாலை 6:32

முதல் கேள்விக்கு விடை உங்கள் திரையிலேயே இருக்கிறது தம்பி, கூப்பன் வரியைப் பாருங்கள். இலவச டெலிவரிக்கு உரிய தொகையைப் பல தளங்கள் எல்லாக் கழிவும் போன பிறகுதான் பார்க்கும். 849-இல் 320 கழித்தால் 529. அதில் கூப்பன் 50 போனால் 479. இது 499-க்குக் கீழே. அங்கேதான் 40 ரூபாய் விழுந்தது.

இதை இன்னொரு விதமாகப் போட்டுக் காட்டுங்கள், உங்கள் அப்பத்தாவுக்குப் பிடிக்கும். கூப்பனே போடாமல் இருந்திருந்தால் 529, டெலிவரி இல்லை, பிளாட்ஃபார்ம் கட்டணம் 7, வந்ததும் பணம் கொடுப்பதற்கு 10, ஆக 546. கூப்பன் போட்டதால் 536. அதாவது 50 ரூபாய் கூப்பன் உண்மையில் கொடுத்தது 10 ரூபாய்தான். மீதி 40-ஐ டெலிவரி தின்றுவிட்டது. யு.பி.ஐ.யில் முன்பே கட்டியிருந்தால் அந்த 10 ரூபாயும் போயிருக்காது, 526 ஆகியிருக்கும்.

---

சட்டப்புலி | ஞாயிறு, மாலை 6:50

பிளாட்ஃபார்ம் கட்டணம், சி.ஓ.டி. கட்டணம் எல்லாமே சட்ட விரோதம். எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு பைசா வாங்க யாருக்கும் உரிமை இல்லை. நேராக 1915-க்குப் போன் போட்டுப் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், பணம் தன்னால் திரும்பி வரும்.

---

கணக்கு_சேகர் | ஞாயிறு, இரவு 7:05

புலி, 1915 சரி. மற்றதில் பாதிதான் சரி. எம்.ஆர்.பி. என்பது பொருளுக்கு உச்சவரம்பு. அவர்கள் இரண்டு பொருளையும் 529-க்குத்தான் விற்றிருக்கிறார்கள், எம்.ஆர்.பி. 849. அந்தப் பக்கம் பிரச்சினையே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது தனிச் சேவை, அதற்குத் தனியாக வாங்கலாம்.

பார்க்க வேண்டியது வேறு. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, மொத்த விலையை ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும், டெலிவரி, கையாளும் கூலி, வரி என்று பிரித்தும் காட்ட வேண்டும். முன்கூட்டியே டிக் போட்டு வைத்துச் சம்மதம் வாங்கவும் கூடாது. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்களில், விலையைக் கடைசிவரை மறைத்து வைத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதும், கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதும் தவறான நடைமுறைகளாகப் பட்டியலில் இருக்கின்றன. ஆர்டர் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே இந்த 7-உம் 10-உம் தெரிந்ததா என்பதுதான் கேள்வி. தெரிந்திருந்தால் புகாருக்கு இடம் குறைவு. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்தீர்களா?

---

கதிர்_புதுகை | ஞாயிறு, இரவு 7:11

இல்லை. உறுதி ஆன பிறகு வந்த திரையைத்தான் எடுத்தேன். முன்பக்கத்தில் பார்த்ததாக நினைவு, உறுதியாகச் சொல்ல முடியாது.

---

மீனா டீச்சர் | ஞாயிறு, இரவு 7:40

நான் எங்கள் ஊர் நூலகத்தில் வயதானவர்களுக்குப் போன் வகுப்பு எடுக்கிறேன். சட்டம் அப்புறம் இருக்கட்டும். கதிர், மேலிருந்து கீழே மொழிபெயர்த்தீர்களே, சிக்கல் அங்கேதான். அவர் வாழ்க்கை முழுக்கப் பார்த்த மளிகைச் சிட்டையில் ஒவ்வொரு வரியும் தான் வாங்கிய பொருள், அதன் விலை, கடைசியில் கூட்டுத்தொகை. இதில் முதல் வரியே அவர் கொடுக்காத விலை. அதைத் தலையில் ஏற்றிவிட்டால் கீழே வரும் ஒவ்வொன்றும் தப்பாகத்தான் தெரியும்.

ஆகவே கீழிருந்து தொடங்குங்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் திரையை மூடி, 536 வரி மட்டும் தெரியும்படி வையுங்கள். "நாம் கொடுக்கவேண்டியது இது." பிறகு தாளை ஒரு வரி மேலே தள்ளுங்கள். 10, பணம் வாங்க வருகிறவருக்கு. இன்னும் ஒரு வரி, 7. இன்னும் ஒரு வரி, 40. இந்த மூன்றையும் அவரையே கூட்டச் சொல்லுங்கள், 57. 536-இல் 57 போனால் 479. இது கூப்பன் போக மிஞ்சிய விலை. அதோடு 50 சேர்த்தால் 529, அவர் கணக்கு. இங்கே நிறுத்திவிடுங்கள். 849-ஐ அவர் கேட்டால் மட்டும், "பெட்டி மேல் அச்சடித்த விலை, அந்த விலைக்கு நாம் வாங்கவில்லை" என்று சொன்னால் போதும்.

மூன்றாவது கேள்விக்குச் சிரித்திருக்கக் கூடாது. 370 என்பது 320-உம் 50-உம் சேர்ந்தது. அச்சு விலையோடு ஒப்பிட்டு அவர்களே போட்டுக்கொண்ட எண், யார் கைக்கும் வராது. அதுவும் மேலே கட்டிய 57-ஐக் கழிக்காமல் சொன்ன எண். அவர் கேட்டது நல்ல கேள்வி.

வகுப்பில் தவறாமல் நடக்கும் இரண்டு தடுமாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். -₹50 என்பதில் அந்தச் சின்னக் கோடு கண்ணில் படாது, 50 கூடுதலாகக் கொடுக்கவேண்டும் என்று படிப்பார்கள். அதேபோல் 40-ஐக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் FREE என்று எழுதியிருந்தால், அடித்த 40-ஐத்தான் படிப்பார்கள். அடித்த எண்ணை வாய்விட்டுச் சொல்லவே கூடாது என்று பழக்குங்கள்.

---

ரவி_குவைத் | ஞாயிறு, இரவு 8:02

பத்து நிமிட டெலிவரி ஆப்பில் இதைவிடக் கொடுமை. ஹேண்ட்லிங், சின்னக் கூடைக் கட்டணம், மழைக் கட்டணம் எல்லாம் வருகிறது. 60 ரூபாய் தயிருக்கு 48 ரூபாய் கூலி. அம்மா ஊரில் இருக்கிறார், நான் இங்கிருந்து போட்டுக் கொடுக்கிறேன். இதற்கு என்ன வழி?

---

கணக்கு_சேகர் | ஞாயிறு, இரவு 8:09

அது வேறு வியாபாரம் ரவி, ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் வண்டி எடுத்து வரவேண்டும். தயிர், பால், காய் என்று சேர்த்து ஒரே ஆர்டராகப் போடச் சொல்லுங்கள், சின்னக் கூடைக் கட்டணம் விழாது. மழை நின்ற பிறகு போடுங்கள். இந்த இழையில் அதைக் கலக்க வேண்டாமே.

---

ஹப்_மணி | ஞாயிறு, இரவு 9:25

நான் டெலிவரி ஹப்ல வேலை பாக்குறேன். டீச்சர் சொன்னதெல்லாம் சரி. ஆனா வியாழக்கிழமை வாசல்ல நடக்கப்போறது வேற. கதிர் தம்பி, உங்க ரெண்டு பொருளும் ஒரே ஆள் விக்கிறதா? ஆர்டர் பக்கத்துல ஒவ்வொரு பொருளுக்கும் கீழ விக்கிறவர் பேரு இருக்கும், பாத்துச் சொல்லுங்க.

---

கதிர்_புதுகை | ஞாயிறு, இரவு 9:31

வேறு வேறு பெயர் அண்ணே. குழல் ஒருவர், கேஸ்கட் இன்னொருவர்.

---

ஹப்_மணி | ஞாயிறு, இரவு 9:48

அப்ப ரெண்டு பொட்டலமா வரும். ஒரே நாள்ல வரணும்னும் இல்ல. ஒவ்வொண்ணுக்கும் தனி மெசேஜ், தனித் தொகை. அப்பத்தா கையில 536-ஐ எடுத்து வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, பையன் வந்து வேற ஏதோ எண்ணச் சொல்லுவான். ஏமாத்துறான்னு நினைப்பாங்க. எங்க பசங்க வாங்குற திட்டுல பாதி இதுனாலதான்.

ஆப்புல ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாத் தொறந்து பாருங்க, அதுக்கு உண்டான தொகை இருக்கும். கூப்பனையும் கட்டணத்தையும் விலைக்குத் தக்கபடி பிரிச்சுப் போட்டிருப்பாங்க. ரெண்டையும் கூட்டினா 536 வரணும். வரலேன்னா எங்கயோ தப்பு.

பையனால தொகையை மாத்த முடியாது. அவன் கையில இருக்க மிஷின்ல என்ன காட்டுதோ அதைத்தான் வாங்கணும், கம்மியா வாங்குனா அவன் கைக்காசு போகும். பொட்டலத்து மேல ஒட்டியிருக்க ஸ்டிக்கர்லயும் COD-ன்னு போட்டுத் தொகை இருக்கும். அதை அப்பத்தாவே படிச்சிடலாம். Prepaid-ன்னு இருந்தா காசு குடுக்கவே வேணாம். சில்லறையா வச்சிருக்கச் சொல்லுங்க, 500 ரூபா நோட்டா நீட்டுனா மிச்சம் குடுக்க எங்க பசங்க கிட்ட இருக்காது.

---

கதிர்_புதுகை | ஞாயிறு, இரவு 10:20

பார்த்தேன். குழலுக்கு 354, கேஸ்கட்டுக்கு 182. கூட்டினால் 536. ஆனால் குழலின் விலையை 316 என்றும் கேஸ்கட்டை 163 என்றும் போட்டிருக்கிறது. இது எப்படி?

---

கணக்கு_சேகர் | ஞாயிறு, இரவு 10:34

50 ரூபாய் கூப்பன் பிரிந்திருக்கிறது. 529-இல் குழலின் பங்கு 349, அதாவது மூன்றில் இரண்டு பங்கு போல. ஆகவே கூப்பனில் 33 குழலுக்கு, 17 கேஸ்கட்டுக்கு. 349-இல் 33 போனால் 316. 180-இல் 17 போனால் 163. மேலே அந்த 57 ரூபாய்க் கட்டணமும் இதே விகிதத்தில் 38, 19 என்று பிரிந்திருக்கும். 316-உம் 38-உம் 354. 163-உம் 19-உம் 182.

இதைக் குறித்து வையுங்கள். திருப்பி அனுப்பும் நாளில் இந்த 163-தான் பேசும், 180 இல்லை.

---

சட்டப்புலி | ஞாயிறு, இரவு 10:41

இரண்டு விற்பனையாளர் என்றால் 499 வரம்பையும் ஒவ்வொருவருக்கும் தனியாகத்தானே பார்ப்பார்கள்? அப்படியானால் கூப்பன் இல்லாவிட்டாலும் 40 விழுந்திருக்கும். 349-உம் 499-க்குக் கீழே, 180-உம் கீழே. உங்கள் 10 ரூபாய்க் கணக்கு அடிபட்டுப் போகிறது சேகர்.

---

கணக்கு_சேகர் | ஞாயிறு, இரவு 10:55

நல்ல பிடி. தளத்துக்குத் தளம் மாறும். சில இடங்களில் மொத்தக் கூடையைப் பார்ப்பார்கள், சில இடங்களில் அவர்கள் கிடங்கிலிருந்து போகும் பொருளை மட்டும் பார்ப்பார்கள், சில இடங்களில் விற்பவர்வாரியாக. உங்கள் பின்கோடைப் பொறுத்தும் கூலி மாறலாம், அதனால்தான் முகவரி போட்ட பிறகே சில தளங்களில் அந்த வரி தெரியும். சோதிக்க எளிய வழி உண்டு. கதிர், அதே இரண்டு பொருளையும் மறுபடி கூடையில் போட்டு, கூப்பன் போடாமல், கடைசிப் பக்கம் வரை போங்கள். டெலிவரி என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள், இரண்டு குழல் வந்து நிற்கும்.

---

கதிர்_புதுகை | திங்கள், காலை 11:15

அப்பத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்தேன். கூப்பன் இல்லாமல் டெலிவரி வரியில் 40 அடித்து FREE. மொத்தம் 546. கூப்பன் போட்டதும் 536. புலி ஐயா, இந்தத் தளத்தில் மொத்தக் கூடையைத்தான் பார்க்கிறார்கள்.

அப்பத்தா இதை இரண்டு முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "ஒரு கையால குடுத்துட்டு மறு கையால வாங்கிக்கிட்டான்" என்றார். 7 ரூபாய்க்குச் சந்தைச் சுங்கம் என்று பெயர் வைத்துவிட்டார். சந்தையில் கடை போடுகிறவன்தானே சுங்கம் கட்டுவான், வாங்க வந்த நான் ஏன் கட்டணும் என்கிறார். இதற்கு யாராவது விடை சொல்லுங்கள்.

டீச்சர் சொன்னபடி தாளை வைத்து மூடிக் கீழிருந்து படித்தோம். மூன்றாம் முறை நான் வாய் திறக்கவில்லை, அவரே சொன்னார். ஆப்பின் மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். மாற்றியும் மெசேஜ் இங்கிலீஷில்தான் வருகிறது. இதற்கு என்ன செய்ய?

---

மீனா டீச்சர் | திங்கள், மதியம் 12:30

மெசேஜ் மாறாது, பெரும்பாலும் அப்படித்தான். எழுத்தெல்லாம் கற்றுக்கொடுக்க ஒரு நாள் போதாது. நான் செய்வது இதுதான். மூன்று சொற்களை மட்டும் படம் போல அடையாளம் காணச் சொல்வேன்: Total, FREE, COD. பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிப் பக்கத்தில் தமிழில் பொருள் எழுதி, போன் உறையின் பின்னால் செருகி வையுங்கள்.

இன்னொன்று, எல்லோரும் தவறவிடுவது. திரையில் ₹ குறி இருக்கும், மெசேஜில் Rs என்று வரும். இரண்டும் ஒன்று என்று சொல்லிக்கொடுக்காவிட்டால் மெசேஜில் பணம் எங்கே என்றே தெரியாது. அதைவிட மோசம், மெசேஜில் Rs.354.00 என்று வரும். அந்தப் புள்ளி பொடியாக இருக்கும். முப்பத்தைந்தாயிரத்து நானூறு என்று படித்துவிட்டுப் படபடப்பாகி வகுப்புக்கு ஓடி வந்தவர்கள் இருக்கிறார்கள். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சைபரும் பைசா, அதை விரலால் மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். போன் அமைப்பில் எழுத்தளவையும் ஒரு படி கூட்டுங்கள். ஒரே ஒரு படிதான். கடைசிவரை கூட்டினால் தொகை அடுத்த வரிக்குப் போய்விடும், எது எதற்கு விலை என்று தெரியாது.

சுங்கக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

---

கணக்கு_சேகர் | திங்கள், மதியம் 1:05

சுங்கத்துக்கு: விற்பவரிடமும் அவர்கள் தனியாகக் கமிஷன் வாங்குகிறார்கள். ஆக இரண்டு பக்கமும். உங்கள் அப்பத்தா கேட்டது நியாயம்தான், ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாங்கினால் தடுக்க வழியில்லை.

---

ஹப்_மணி | திங்கள், மாலை 4:40

பஸ் ஏறுறதுக்கு முன்னாடி முக்கியமான ஒண்ணு. ஆர்டர் போட்ட கையோட போலி மெசேஜ் வரும். "உங்க முகவரி சரியில்ல, பொட்டலம் நிக்குது, 5 ரூபா கட்டுங்க"ன்னு லிங்கோட. இவங்க ஆர்டர் போட்டது அவனுக்குத் தெரியாது. ஆயிரம் பேருக்கு அனுப்புறான், அதுல பொட்டலத்துக்குக் காத்திருக்கவன் மாட்டுவான். 5 ரூபாதானேன்னு கார்டு நம்பரப் போட்டா மொத்தமும் போயிரும்.

லிங்க் வந்தாலே போலின்னு சொல்லாதீங்க. உண்மையான மெசேஜ்லயும் லிங்க் வருது. எந்த லிங்க்கையும் தொடாம, ஆப்பைத் தானே தொறந்து ஆர்டர் பக்கத்துல பாக்கச் சொல்லுங்க. அங்க இல்லாத பாக்கி கிடையாது.

பையன் வந்தா முதல்ல பொட்டலத்துல பேரு, தொகை. ஓடிபி கேட்டா, பொட்டலத்தைக் கையில வாங்குறப்பதான் சொல்லணும். போன்ல கேட்டா சொல்லவே கூடாது. யு.பி.ஐ. பின் எண் யாருக்கும் சொல்ல வேணாம்.

---

கதிர்_புதுகை | திங்கள், மாலை 5:15

அண்ணே, ஓடிபி யார் போனுக்கு வரும்? கணக்கு என் எண்ணில் இருக்கிறது. முகவரியில் அவர் எண் போட்டிருக்கிறேன்.

---

ஹப்_மணி | திங்கள், மாலை 5:50

கம்பெனிக்குக் கம்பெனி வேற. சிலது கணக்கு நம்பருக்கு மட்டும் அனுப்புது, சிலது ரெண்டுக்கும். பையன் கூப்புடுறது முகவரி நம்பருக்கு. நீங்க ஆபீஸ்ல மீட்டிங்ல இருந்தீங்கன்னா ஓடிபி உங்க பாக்கெட்ல இருக்கும், பொட்டலம் வாசல்ல நிக்கும். அடுத்த ஆர்டர்லருந்து அவங்க நம்பர்லயே கணக்குத் தொடங்குங்க.

---

சட்டப்புலி | திங்கள், மாலை 6:20

கணக்கு பேரன் பெயரில் இருப்பதே பாதுகாப்பு. பாட்டி கணக்கு என்றால் கார்டைச் சேமித்துவிடுவார், யாராவது பிடுங்கிவிடுவார்கள்.

---

மீனா டீச்சர் | திங்கள், மாலை 6:45

கார்டைச் சேர்க்காமலே கணக்கு வைக்கலாம் ஐயா. வந்ததும் பணம் என்று மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு ஆர்டருக்கு 10 ரூபாய் போகும், போகட்டும். நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள், நான் அப்பத்தா பக்கம்.

கதிர், ஒரு பழைய டைரி கொடுத்துவிட்டுப் போங்கள். ஆர்டர் போட்ட தேதி, பொருள், தொகை, ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கம். முழு எண் வேண்டாம், அவ்வளவு நீள எண்ணைப் போன் நம்பரோடு குழப்பிக்கொள்வார்கள். கேட்காத பொட்டலத்தைக் கொண்டுவந்து காசு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். டைரியில் வரி இல்லையென்றால் காசு இல்லை.

---

கதிர்_புதுகை | வெள்ளி, இரவு 9:30

வியாழக்கிழமை குழல் மட்டும் வந்தது. மணி அண்ணன் சொன்னது அப்படியே. மெசேஜில் Rs.354.00. அப்பத்தா விரலால் சைபரை மறைத்துப் படித்து, ஸ்டிக்கரோடு ஒப்பிட்டு, 354 ரூபாயை எண்ணிக் கொடுத்திருக்கிறார். ஓடிபி கேட்கவில்லையாம். அவர் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னாராம், பையன் முழித்திருக்கிறான்.

கேஸ்கட் இன்று வந்தது, 182. ஆனால் மூடியில் பொருந்தவில்லை. எங்கள் குக்கர் உள்மூடி, வந்தது வெளிமூடிக்கு உள்ளது. 5 லிட்டர் என்பதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டோம். திருப்பி அனுப்பப் போட்டால் 163 தான் வரும் என்கிறது. அப்பத்தா 182 கொடுத்ததாக டைரியில் எழுதியிருக்கிறார். மீதி 19 எங்கே என்று என்னைக் கேட்கிறார்.

---

கணக்கு_சேகர் | வெள்ளி, இரவு 9:52

அந்த 19 டெலிவரி, சுங்கம், பணம் வாங்கும் கூலி மூன்றின் பங்கு. நாம் தப்பாகத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரும்பாலும் அது திரும்பாது. திருப்பும் காரணத்தில் உண்மையைப் போடுங்கள். பக்கத்தில் வெளிமூடிக்கு என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தாலோ உள்மூடிக்கு என்று போட்டிருந்தாலோ, அது விற்றவர் தப்பு, அப்போது 19-ஐயும் கேட்டு எழுதலாம். பதில் வராவிட்டால் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் போகலாம். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அதே 2020 விதிகள் சொல்கின்றன.

---

ஹப்_மணி | வெள்ளி, இரவு 10:05

எடுக்க வர்ற பையன் கையில காசு குடுக்க மாட்டான், அதைச் சொல்லி வைங்க. பேங்க் கணக்கோ யு.பி.ஐ. ஐடியோ ஆப்புலயே போடணும். ரீஃபண்டுன்னு சொல்லி யாராவது கூப்பிட்டுப் பின் போடச் சொன்னா, கியூஆர் ஸ்கேன் பண்ணச் சொன்னா, அது காசு எடுக்கிறவன். காசு வர்றதுக்குப் பின் எண் தேவையே இல்ல. அப்படிப் போயிருச்சுன்னா உடனே 1930.

---

கதிர்_புதுகை | சனி, காலை 8:20

விற்பனைப் பக்கத்தைப் பார்த்தேன். படத்தில் வெளிமூடி என்று தெரிகிறது, எழுத்தில் இல்லை. 19-ஐக் கேட்டு எழுதியிருக்கிறேன். அப்பத்தா டைரியில் "கேஸ்கட் 182, வரவேண்டியது 163, வழக்கு 19" என்று எழுதி வைத்திருக்கிறார்.

---

ரவி_குவைத் | சனி, காலை 10:44

உள்மூடிக்குக் கேஸ்கட் தேடும்போது மூடியின் விட்டத்தை அளந்து போடுங்கள், லிட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அப்புறம் அந்த முறுக்குக் குழல் நன்றாக இருக்கிறதா?